70 விழுக்காடு வாங்கினால் 100 விழுக்காட்டையும் ஏன் கணக்கில் காட்டுகிறார்கள்?

பங்குச் சந்தையில் உள்ள செம்பனை நிறுவனங்கள் கணக்கு வெளியிடும்போது லாபம் இரண்டு எண்களாக வருகிறது. முதலில் குழுமத்தின் மொத்த லாபம். அதற்குக் கீழே, தாய் நிறுவனத்தின் உரிமையாளர்களைச் சேர்ந்த லாபம் என்று கொஞ்சம் சிறிய எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தனி வரி விழுங்கியிருக்கும். பழைய அறிக்கைகளில் அதன் பெயர் மைனாரிட்டி இன்டரஸ்ட், அதாவது சிறுபான்மைப் பங்கு. இப்போதைய அறிக்கைகளில் நான்-கன்ட்ரோலிங் இன்டரஸ்ட்ஸ் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இங்கே பழைய பெயரையே பயன்படுத்துகிறேன்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறத்து ஊர்களில் இந்த வரியை இரண்டு தரப்பினர் பார்க்கிறார்கள். ஒரு தரப்பு, அப்பா காலத்தில் வாங்கிவைத்த சில லாட் பங்குகளை இன்னும் வைத்திருப்பவர்கள். இன்னொரு தரப்பு, தோட்டத்தில் பங்கு வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அதிலிருந்தே தோட்டத்தில் பங்கு என்பது நம்மவர்களுக்குப் பழகிய விஷயம். முதல் தரப்பு, 'என் லாபத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்' என்று நினைக்கிறது. இரண்டாம் தரப்பு, 'எங்கள் பெயரில் இத்தனை மில்லியன் இருக்கிறதே, ஏன் கைக்கு வரவில்லை' என்று கேட்கிறது. இரண்டுமே கணக்கைத் தவறாகப் படிப்பதால் வருகிற கேள்விகள்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சந்தையில் உள்ள ஒரு தாய் நிறுவனம் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறது. அது ஒரு தோட்டக் கம்பெனியின் 70 விழுக்காட்டை வாங்குகிறது. அந்தத் தோட்டக் கம்பெனிக்குச் செம்பனைத் தோட்டமும், குலையிலிருந்து கச்சா எண்ணெய் பிழியும் ஆலையும் உண்டு. மீதி 30 விழுக்காடு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கையில். எண்கள் எல்லாம் ரிங்கிட் மில்லியனில். கணக்கு எளிதாக இருக்க, வரி விளைவுகளை விட்டுவிடுகிறேன்.

ஏன் முழுவதையும் சேர்க்கிறார்கள்?

70 விழுக்காடு வாங்கினால் தோட்டத்தின் சொத்தில் 70 விழுக்காட்டை மட்டும் காட்டினால் போதாதா? பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் மலேசிய நிதி அறிக்கைத் தரமான எம்.எஃப்.ஆர்.எஸ். 10 அப்படிக் கேட்பதில்லை. அது பார்ப்பது கட்டுப்பாட்டை. எந்த ஆண்டு மறுநடவு செய்வது, யாரை மேனேஜராகப் போடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சக்தி தாய் நிறுவனத்திடம் இருக்கிறதா? தோட்டம் நன்றாக ஓடினாலும் படுத்தாலும் அதன் பலன் அவர்களுக்கு வந்து சேர்கிறதா? அந்தச் சக்தியைக்கொண்டு அந்தப் பலனை மாற்ற அவர்களால் முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது துணை நிறுவனம்.

கட்டுப்பாட்டைப் பங்கு போட முடியாது. ஓர் ஏக்கரில் 70 விழுக்காட்டுக்கு மட்டும் உரம் போடச் சொல்ல முடியாதல்லவா? நிலம், மரம், ஆலை, வங்கிக் கையிருப்பு, கடன், விற்பனை, செலவு எல்லாவற்றையும் தாய் நிறுவனமே முழுவதாக ஆள்கிறது. அதனால் எல்லாம் 100 விழுக்காடாகவே ஒருங்கிணைந்த கணக்கில் சேர்கிறது. அப்புறம், இதில் 30 விழுக்காடு வேறொருவருடையது என்ற உண்மையை இரண்டே இடங்களில் காட்டுகிறார்கள். வருமான அறிக்கையில் லாபத்தைப் பிரிக்கும்போது ஒன்று, நிதிநிலை அறிக்கையில் உரிமையாளர் மூலதனத்தைப் பிரிக்கும்போது இன்னொன்று. சொத்துப் பட்டியலில் எங்கேயும் இந்தப் பிரிவினை கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாங்கிய நாளில் போடும் கணக்கு

தோட்டக் கம்பெனியின் சொந்தப் புத்தகத்தில் நிகரச் சொத்து, அதாவது சொத்தில் கடன் போக மிச்சம், 50. ஆனால் அந்த நிலம் பல பத்தாண்டுகளுக்கு முன்பு வாங்கிய விலையிலேயே கிடக்கிறது. தோட்டக் கம்பெனிகளில் இது சர்வசாதாரணம். வாங்குகிற நாளில் எல்லாவற்றையும் அன்றைய நியாய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது எம்.எஃப்.ஆர்.எஸ். 3. மதிப்பீட்டாளர் வந்து பார்த்ததில் நிலத்துக்கு 12 கூடுகிறது, மரங்களுக்கு 8 கூடுகிறது. ஆக நிகரச் சொத்து 70. நிலம் காலவரையறை இல்லாத பட்டா என்று வைத்துக்கொள்வோம், அதற்குத் தேய்மானம் இல்லை. மரங்களுக்கு இன்னும் 10 ஆண்டு ஆயுள்.

தாய் நிறுவனம் 70 விழுக்காட்டுக்குக் கொடுத்த விலை 63. இனி சங்கத்தின் 30 விழுக்காட்டுக்கு ஒரு மதிப்புப் போட வேண்டும். கொடுத்த விலையும் அந்த மதிப்பும் சேர்ந்து நிகரச் சொத்தைத் தாண்டி நிற்கும் தொகைக்குத்தான் குட்வில் என்று பெயர். இங்கே தரம் இரண்டு வழிகளைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

1. விகிதாசார வழி: 70-இல் 30 விழுக்காடு, அதாவது 21. குட்வில் = 63 + 21 − 70 = 14.

2. நியாய மதிப்பு வழி: அந்த 30 விழுக்காட்டுப் பங்கைத் தனியாக விற்றால் என்ன விலை போகும் என்று மதிப்பிடுவது. 25 என்று வந்தால், குட்வில் = 63 + 25 − 70 = 18.

70 விழுக்காட்டுக்கு 63 என்றால் 30 விழுக்காட்டுக்கு 27 வரவேண்டுமே, ஏன் 25 என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 63-க்குள் கட்டுப்பாட்டுக்கான கூடுதல் விலையும் அடங்கியிருக்கிறது. மேனேஜரை மாற்றும் அதிகாரம் இல்லாத 30 விழுக்காட்டுக்கு யாரும் அதே வீதத்தில் விலை தர மாட்டார்கள்.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் 4. தோட்டம் மாறவில்லை, பனை மாறவில்லை, அறிக்கையில் மட்டும் குட்வில் 4 மில்லியன் கூடிவிடுகிறது, சிறுபான்மைப் பங்கும் அதே அளவு கூடிவிடுகிறது. ஆகவே இரண்டு குழுமங்களை ஒப்பிடும்போது எந்த வழி என்பதைக் கணக்குக் கொள்கைக் குறிப்பில் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. பல நிறுவனங்கள் விகிதாசார வழியையே விரும்புவதற்குக் காரணம் எளிது: மதிப்பீடும் குறைவு, கணக்காய்வாளருடன் வாதமும் குறைவு. நாமும் அந்த வழியிலேயே 21 என்று போவோம்.

ஓராண்டு கழித்து

ஆண்டு முடிந்தது. தாய் நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் 20 லாபம் காட்டுகிறது. தோட்டக் கம்பெனியின் சொந்தக் கணக்கில் லாபம் 10. தோட்டக் கம்பெனி 4 லாப ஈவு அறிவித்து, தாய்க்கு 2.8, சங்கத்துக்கு 1.2 கொடுத்துவிட்டது. அப்படியானால் குழும லாபம் 30, சங்கத்தின் பங்கு 3 என்று எழுதிவிடலாமா? முடியாது. மூன்று திருத்தங்கள் உண்டு.

1. தாயின் 20-க்குள் அந்த 2.8 லாப ஈவும் இருக்கிறது. தோட்டத்தின் லாபத்தை முழுவதாகச் சேர்த்துவிட்டு, அதே லாபத்திலிருந்து வந்த ஈவையும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அதை நீக்கினால் தாயின் லாபம் 17.2.

2. மரங்களின் மதிப்பை 8 கூட்டினோம் அல்லவா? அதை 10 ஆண்டுகளில் தேய்க்க வேண்டும். ஆண்டுக்கு 0.8. இந்தச் செலவு தோட்டக் கம்பெனியின் சொந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை, குழுமக் கணக்கில் மட்டும் பிறக்கிறது. மதிப்பைக் கூட்டியபோது சங்கமும் தன் 30 விழுக்காட்டைப் பெற்றது. தேய்மானத்திலும் அதே 30 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும்.

3. தோட்டக் கம்பெனி கச்சா எண்ணெயைத் தாயின் சுத்திகரிப்பு ஆலைக்கே விற்கிறது. ஆண்டுக் கடைசி நாளில் அந்த எண்ணெயில் ஒரு பகுதி தாயின் தொட்டியில் இருக்கிறது, வெளியே யாருக்கும் விற்கவில்லை. அந்த எண்ணெயின் மேல் தோட்டக் கம்பெனி வைத்த ஆலை லாபம் 0.4. குழுமத்தை ஒரே கம்பெனியாகப் பார்த்தால் இந்த லாபம் இன்னும் கிடைக்கவில்லை, வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை நீக்க வேண்டும். விற்றது தோட்டக் கம்பெனி என்பதால், நடைமுறையில் இந்தக் குறைப்பிலும் சங்கத்துக்குப் பங்கு போடுவார்கள்.

மூன்றாவது திருத்தத்தில்தான் கணக்குப் போடுகிறவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். விற்பனை எந்தத் திசையில் போனது என்பதே கேள்வி. துணை நிறுவனம் தாய்க்கு விற்றிருந்தால் லாபம் துணை நிறுவனத்தின் புத்தகத்தில் இருக்கிறது, அந்த லாபத்தில் சிறுபான்மைக்கும் பங்கு உண்டு, ஆகவே நீக்கும்போதும் அவர்கள் பங்கு குறைகிறது. மாறாக, தாய் நிறுவனம் உரம் வாங்கி லாபம் வைத்துத் தோட்டத்துக்கு விற்று, உரம் இன்னும் ஸ்டோரில் கிடந்தால், நீக்க வேண்டிய லாபம் முழுவதும் தாயுடையது. சங்கத்தின் எண் அசையாது. திசையைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 30 விழுக்காட்டால் பெருக்கினால் தொகை தப்பிவிடும். குழுமத்தின் மொத்த லாபம் மட்டும் சரியாகவே இருக்கும். அதனால் கூட்டல் சரிபார்ப்பில் இந்தப் பிழை பிடிபடாது.

இப்போது எண்கள்: தோட்டக் கம்பெனியின் திருத்திய லாபம் 10 − 0.8 − 0.4 = 8.8. குழும லாபம் 17.2 + 8.8 = 26. சங்கத்தின் பங்கு 8.8-இல் 30 விழுக்காடு, 2.64. தாய் நிறுவனத்தின் உரிமையாளர்களுக்கு 23.36.

சந்தைப் பங்கு வைத்திருப்பவருக்கு வேண்டிய எண் இந்த 23.36 தான். தாய் நிறுவனத்துக்கு 200 மில்லியன் பங்குகள் இருந்தால் ஒரு பங்குக்கு 11.68 சென். 26-ஐ வகுத்தால் 13 சென் வரும், அது தவறு. பங்குக்கான வருமானத்தை 23.36-லிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று எம்.எஃப்.ஆர்.எஸ். 133 சொல்கிறது, அறிக்கையிலும் அப்படியே இருக்கும். தப்பு நடப்பது நாம் சொந்தமாகக் கணக்குப் போடும்போதும், வாட்ஸ்அப்பில் வருகிற 'மலிவான பங்கு' பட்டியலிலும்தான். மொத்த லாபத்தை எடுத்துக்கொண்டு பங்கு விலையை அதோடு ஒப்பிட்டால் பங்கு உள்ளதைவிட மலிவாகத் தெரியும். சிறுபான்மைப் பங்கு பெரிதாக உள்ள குழுமங்களில் இந்த மயக்கமும் பெரிது.

யாரோ லாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குறைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த 2.64 சந்தைப் பங்குதாரருடையதாக என்றைக்கும் இருந்ததில்லை. முழுவதையும் சேர்க்கும்போது கூடவே உள்ளே வந்தது, பிரிக்கும்போது வெளியே போகிறது.

22.44 மில்லியன் யார் கையில் இருக்கிறது?

நிதிநிலை அறிக்கையில் சங்கத்தின் எண் இப்படி நகர்கிறது: தொடக்கத்தில் 21, லாபத்தில் பங்கு 2.64 கூடுகிறது, வாங்கிய லாப ஈவு 1.2 கழிகிறது. ஆண்டு முடிவில் 22.44.

இந்தத் தொகை எந்த வங்கியிலும் சங்கத்தின் பெயரில் கிடக்கவில்லை. அது தாய் நிறுவனம் சங்கத்துக்குத் தரவேண்டிய கடனும் அல்ல. அறிக்கையில் கடன்களின் கீழ் வராமல், மூலதனப் பகுதிக்குள் தனி வரியாக வருவதற்குக் காரணம் அதுதான். குழுமத்தின் சொத்து, கடன் போக மிச்சத்தில் இவ்வளவு மதிப்பு வெளியாரைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். மிச்சம் நிலமாகவும் மரமாகவும் ஆலை இயந்திரமாகவும் நிற்கிறது. சங்கத்துக்கு இந்த ஆண்டு உண்மையில் கைக்கு வந்தது 1.2 மட்டுமே. எவ்வளவு ஈவு கொடுப்பது என்று முடிவெடுக்கும் இயக்குநர் குழுவில் பெரும்பான்மை தாய் நிறுவனத்துக்கு. மறுநடவுக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி அடுத்த ஆண்டு ஈவே கொடுக்காமல் விட்டால், அறிக்கையில் சங்கத்தின் எண் இன்னும் வேகமாக வளரும், கையிலோ ஒன்றும் இருக்காது. சங்கப் பொதுக் கூட்டத்தில் இந்த எண்ணைக் காட்டி நமக்கு இவ்வளவு இருக்கிறது என்று பேசுகிறவரிடம், இதில் ஈவாக வந்தது எவ்வளவு என்று கேட்பது நல்லது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. குழுமத்தின் கையிருப்பு ரொக்கம் 40 என்று அறிக்கை காட்டலாம். அதில் 25 தோட்டக் கம்பெனியின் கணக்கில் இருந்தால், அதைத் தாய் நிறுவனம் நேராக எடுத்துத் தன் பங்குதாரருக்குக் கொடுத்துவிட முடியாது. ஈவாக எடுக்க வேண்டும், எடுக்கும்போது 30 விழுக்காடு சங்கத்துக்குப் போய்விடும்.

நஷ்டம் வந்தால்

முன்பிருந்த விதியில், சிறுபான்மையின் பங்கு பூஜ்யத்தைத் தொட்டதும் அதற்கு மேற்பட்ட நஷ்டத்தைப் பெரும்பாலும் தாய் நிறுவனமே சுமந்தது. இப்போது எம்.எஃப்.ஆர்.எஸ். 10-இன்படி, எண் கழித்தலில் போனாலும் நஷ்டத்தை விகிதப்படியே பிரிக்க வேண்டும். அறிக்கையில் சிறுபான்மைப் பங்கு அடைப்புக்குறிக்குள் கழித்தல் எண்ணாக நிற்பதைப் பார்த்து, சங்கம் பணம் கட்ட வேண்டியிருக்குமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியில், வாங்கிய பங்குக்கு முழுப் பணம் கட்டியவருக்கு அதற்கு மேல் பொறுப்பில்லை, தனியாக உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. பயப்பட வேண்டியவர் சந்தைப் பங்குதாரர். தோட்டத்தின் கடனுக்குத் தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தால், நஷ்டத்தில் 30 விழுக்காட்டைச் சங்கத்தின் பேரில் எழுதியது வெறும் எழுத்துதான். வங்கி வந்து நிற்பது தாய் நிறுவனத்தின் வாசலில்.

மீதி 30 விழுக்காட்டையும் வாங்கிவிட்டால்

அடுத்த ஆண்டின் முதல் நாளில் தாய் நிறுவனம் சங்கத்தின் பங்கை 28-க்கு வாங்குகிறது. புத்தகத்தில் அது 22.44. கூடுதலாகக் கொடுத்த 5.56 எங்கே போகும்? குட்வில்லில் சேராது, செலவாகவும் வராது. கட்டுப்பாடு ஏற்கெனவே கையில் இருப்பதால் இதை உரிமையாளர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலாகத் தரம் பார்க்கிறது. 5.56 நேராகத் தாய் நிறுவனத்தின் மூலதனத்திலிருந்து கழிகிறது. வருமான அறிக்கையில் ஒரு தடமும் இருக்காது. கட்டுப்பாடு கைவிட்டுப் போகாத வரை, பங்கின் ஒரு பகுதியை லாபத்துக்கு விற்றாலும் இதே கதைதான். அந்த லாபம் வருமான அறிக்கைக்கு வராது.

தலைப்புச் செய்தியில் இது வேறு மாதிரி தெரியும். தோட்டம் ஒரு குலைகூட அதிகம் வெட்டாமல், எல்லாம் பழையபடியே 26 லாபம் வந்தாலும், உரிமையாளர்களைச் சேர்ந்த லாபம் 23.36-லிருந்து 26 ஆகிவிடும், 11 விழுக்காட்டுக்கும் மேல் உயர்வு. 28 மில்லியனுக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தால் வட்டி கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். லாப உயர்வு என்று செய்தி வந்தால், மொத்த லாபமும் உயர்ந்திருக்கிறதா என்று ஒரு வரி மேலே பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஆண்டறிக்கையில் எங்கே தேடுவது

காலாண்டு அறிக்கையில் பிரித்த எண் மட்டுமே கிடைக்கும். எந்தத் துணை நிறுவனத்தால் அந்த எண் வந்தது என்பதற்கு ஆண்டறிக்கையின் துணை நிறுவனங்கள் பற்றிய குறிப்புக்குப் போக வேண்டும். சிறுபான்மைப் பங்கு முக்கியமான அளவில் உள்ள ஒவ்வொரு துணை நிறுவனத்துக்கும் அதன் பெயர், சிறுபான்மையின் விழுக்காடு, அவர்களுக்குப் போன லாபம், சேர்ந்து நிற்கும் தொகை, கொடுத்த லாப ஈவு, சுருக்கக் கணக்கு எல்லாவற்றையும் எம்.எஃப்.ஆர்.எஸ். 12 கேட்கிறது. பணத்தை எடுக்கத் தடைகள் பெரிதாக இருந்தால் அவற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

அந்தச் சுருக்கக் கணக்கு, குழுமத்துக்குள் நடந்த விற்பனைகளை நீக்குவதற்கு முந்தைய எண்களைக் காட்டும். நம் உதாரணத்தில் அங்கே தோட்டத்தின் லாபம் 9.2 என்று இருக்கும், மரத் தேய்மானம் கழிந்து, தொட்டி எண்ணெய் லாபம் கழியாமல். அதில் 30 விழுக்காடு 2.76. சிறுபான்மைக்குப் போனதாகக் காட்டும் எண்ணோ 2.64. இந்த 0.12 வித்தியாசத்தைப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம், தொட்டியில் நின்ற 0.4-இல் சங்கத்தின் பங்கு அது. அடுத்த ஆண்டு அந்த எண்ணெய் வெளியே விற்றதும் அதே 0.12 சங்கத்தின் கணக்குக்குத் திரும்பி வரும். ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் ஒரே பக்கமாகப் பெருகிக்கொண்டே போனால், தொட்டியில் சரக்கு உண்மையிலேயே கூடுகிறதா, அல்லது தோட்டம் தாய்க்கு விற்கும் விலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.